மையவுரைக்கு அழைப்பு வந்திருக்கிறது, "இந்தத் தேதிக்குள் உறுதி செய்கிறேன்" என்று எப்படி எழுதுவது?

அல்லிக்குளம் · பிப்ரவரி 3, இரவு

எல்லோருக்கும் வணக்கம். நெல்லையில் ஓர் உதவிபெறும் கல்லூரியில் தாவரவியல் துறையில் இருக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மார்ச் 13, வெள்ளிக்கிழமை ஒருநாள் கருத்தரங்கு வைத்திருக்கிறார்கள், நெற்பயிர் நோய்கள் பற்றி. மையவுரைக்கு என்னை அழைத்து நேற்று மின்னஞ்சல் வந்தது. குலைநோய்தான் நான் வேலை செய்யும் பகுதி, போக ரொம்ப ஆசை.

சிக்கல் என்னவென்றால் மார்ச் இரண்டாம் வாரத்தில்தான் செய்முறைத் தேர்வுகள் தொடங்கும். வேறு கல்லூரிக்குப் புறத்தேர்வாளராகப் போட்டுவிட்டால் நகர முடியாது. அந்த அட்டவணை பிப்ரவரி 16 வாக்கில் வரும் என்று சொல்கிறார்கள். அது தெரிந்த பிறகுதான் முதல்வரிடம் ஓ.டி. எனும் வெளிப்பணி அனுமதியும் கேட்க முடியும்.

அழைப்பில் "தங்கள் இசைவை விரைவில் தெரிவிக்க வேண்டுகிறோம்" என்று இருக்கிறது. நான் எழுதி வைத்திருப்பது இது:

"தங்கள் அழைப்பு கண்டு மிக்க மகிழ்ச்சி. கண்டிப்பாக வர முயற்சி செய்கிறேன். தேர்வுப் பணி தொடர்பாகச் சில விவரங்கள் தெரிய வேண்டியுள்ளது. விரைவில் உறுதி செய்கிறேன்."

படித்துப் பார்த்தால் ஏதோ இடிக்கிறது, என்ன என்று சொல்லத் தெரியவில்லை. அனுப்புவதற்கு முன் உங்கள் யோசனை வேண்டும்.

மணி_கரந்தை · பிப்ரவரி 3, இரவு

மேடம், இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை. "வருகிறேன்" என்று எழுதிவிடுங்கள். தேர்வுப் பணி வந்தால் அப்போது ஒரு போன் போட்டுச் சொன்னால் போதும், வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். எந்த நிகழ்ச்சியிலும் ஒரு மாற்றுப் பேச்சாளரைக் கையில் வைத்திருப்பார்கள். தயங்கித் தயங்கி எழுதினால் "இந்த அம்மாவுக்கு விருப்பம் இல்லை போல" என்று அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள், வாய்ப்புப் போச்சு.

செம்பருத்தி · பிப்ரவரி 3, இரவு

மணி சொல்வதில் பாதி சரி. தயங்கி எழுதினால் விருப்பம் இல்லை என்றுதான் படிப்பார்கள், அது உண்மை. மாற்று ஆள் கையில் இருப்பார் என்பதுதான் தவறு. பல வருடங்களாகக் கருத்தரங்கு ஒருங்கிணைப்பு வேலை பார்க்கிறேன். மையவுரைக்கு "வருகிறேன்" என்று ஒருவர் எழுதிவிட்டால் அதோடு அந்த இடத்தை மூடிவிடுவோம். வேறு யாரிடமும் கேட்க மாட்டோம், ஏற்கெனவே பேசி வைத்திருந்தவரிடம் "இந்த முறை வேண்டாம் சார், அடுத்த முறை அழைக்கிறோம்" என்று சொல்லியும் இருப்போம். கடைசி வாரத்தில் அவரிடம் திரும்பிப் போய் நிற்பது எவ்வளவு சங்கடம் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

அல்லிக்குளம் மேடம், உங்கள் கடிதத்தில் இடிப்பது இதுதான். "கண்டிப்பாக", "முயற்சி செய்கிறேன்" இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. ஒருங்கிணைப்பாளர் எதை விரும்புகிறாரோ அதைத்தான் படிப்பார். எங்கள் துறையிலேயே நடந்தது. ஒரு பெரியவர் "நிச்சயம் வர முயல்கிறேன்" என்று எழுதியிருந்தார். இளைய ஆசிரியர் ஒருவர் அதை "நிச்சயம்" என்று எடுத்துக்கொண்டு அழைப்பிதழில் பெயரைச் சேர்த்துவிட்டார். பெரியவரோ தாம் நாசூக்காக மறுத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சிக்கு முதல் நாள் "ரயில் எத்தனை மணிக்கு வருகிறது ஐயா" என்று கேட்டபோதுதான் இரண்டு பக்கமும் விஷயம் தெரிந்தது.

"விரைவில்" என்பதும் அப்படித்தான். உங்களுக்கு விரைவில் என்றால் 16க்குப் பிறகு. அவர்களுக்கு விரைவில் என்றால் நாளைக்கு.

கீழவீதி · பிப்ரவரி 4, காலை

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. எங்கள் வீட்டில் மார்ச்சில் தங்கைக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்கப் போகிற இடத்திலெல்லாம் "கண்டிப்பா வந்துடுறோம்" என்கிறார்கள். யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. சமையல்காரர் மூன்று நாள் முன்னால் இலைக் கணக்கு சொல்லுங்கள் என்கிறார். நீங்கள் சொல்வது மாதிரி சொந்தக்காரர்களிடம் ஒரு தேதி கேட்டு வாங்கினால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா? அழைப்பவர்கள் எப்படிக் கேட்க வேண்டும் என்றும் யாராவது சொல்லுங்களேன்.

செம்பருத்தி · பிப்ரவரி 4, காலை

கீழவீதி, இங்கே மேடம் கேட்பது அழைக்கப்பட்டவர் என்ன எழுதுவது என்று. உங்களுடையது வேறு கதை. கல்யாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டால் நம் ஊரில் ஒரே பதில்தான் வரும், இல்லை என்று சொன்னால் அபசகுனம். அதனால் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். "மாமா, உங்களுக்கு ரூம் போட்டு வைக்கவா? லாட்ஜ்காரர் ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட்கிறார்" என்று கேளுங்கள். வராதவர்கள் "வேண்டாம்ப்பா, நாங்க காலைல வந்துட்டுப் போயிடுறோம்" என்பார்கள். அதில் உங்களுக்குப் பாதிக் கணக்கு தெரிந்துவிடும். மீதியை அந்தச் சமையல்காரரே அனுபவத்தில் சொல்லிவிடுவார்.

பனங்காய்ப்பணியாரம் · பிப்ரவரி 4, காலை

நான் டொரொண்டோவில் இருக்கிறேன். இங்கே மண்டபக்காரர் ஒன்றிரண்டு கிழமைக்கு முன்னமே கடைசி எண்ணிக்கை கேட்பார், ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று காசு. அதனால் எங்கட சனமும் பழகிவிட்டது. கார்டிலேயே இன்ன திகதிக்குள் சொல்லுங்கோ என்று போட்டிருக்கும். ஆனால் "இப்ப சொல்ல ஏலாது, இன்ன திகதிக்குச் சொல்லுறன்" என்று ஒருவர் சொன்னால், அந்தத் திகதி கார்டில் போட்ட திகதிக்குப் பிறகு இருக்கும்! அதை வைத்து நாங்கள் என்ன செய்யிறது. அல்லிக்குளம் அக்கா முதலில் அவர்களுடைய கடைசித் திகதி என்ன என்று கேட்டீர்களா?

செம்பருத்தி · பிப்ரவரி 4, மதியம்

பணியாரம் சரியான இடத்தைப் பிடித்துவிட்டார். நான் சொல்ல வந்ததும் அதுதான்.

இரண்டு தேதிகள் இருக்கின்றன. ஒன்று உங்களுக்குத் தெரியவரும் தேதி, அதாவது தேர்வு அட்டவணை. இன்னொன்று அவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய தேதி. நீங்கள் வாக்குக் கொடுக்கும் நாள் இந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். நடுவில் இடமே இல்லை என்றால் எவ்வளவு அழகாக எழுதினாலும் பயன் இல்லை, அந்த நிலையில் இப்போதே மறுப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

அவர்களுடைய தேதியை நிகழ்ச்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மார்ச் 13 நிகழ்ச்சி. அழைப்பிதழ் பத்து நாளாவது முன்னால் கையில் இருக்க வேண்டும், பிற கல்லூரிகளுக்குத் தபாலில் போக வேண்டுமே. அச்சகத்துக்கு மூன்று நான்கு நாள். அதற்கு முன்னால் புரூஃப் முதல்வர் மேசைக்கும் செயலர் மேசைக்கும் போகும். செயலர் ஊரில் இல்லை என்றால் அங்கேயே இரண்டு நாள் கிடக்கும், பெயர் வரிசையில் யாரை முதலில் போடுவது என்று ஒரு நாள் போகும். ஆக பிப்ரவரி 20 வாக்கில் பெயர்கள் முடிவாகியிருக்க வேண்டும். உங்கள் அட்டவணை 16இல் வந்தால் 18ஆம் தேதி என்று வாக்குக் கொடுக்கலாம், இடம் இருக்கிறது.

ஆனால் அழைப்பிதழுக்கு முன்னால் புரோஷர் என்று ஒன்று போகுமே, கட்டுரை அனுப்பச் சொல்லி. அதில் மையவுரையாளர் பெயர் போடுவார்களா, அது எப்போது வெளியே போகிறது? முதலில் அதைக் கேளுங்கள். பலரும் அழைப்பிதழை மட்டும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். புரோஷர் வாட்ஸப்பில் ஒருமுறை போய்விட்டால் திரும்ப வாங்க வழியே இல்லை, திருத்திய புரோஷர் அனுப்பினாலும் பழையதுதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

தலைமைஎழுத்தர்_ஓய்வு · பிப்ரவரி 4, மாலை

அரசு அலுவலகத்தில் எழுதி எழுதிப் பழகிய கை என்பதால் ஒரு வரைவு தருகிறேன்.

"பார்வையில் காணும் தங்கள் கடிதத்தின்படி, உரிய அலுவலரின் அனுமதி கிடைக்கப்பெறும் பட்சத்தில், மேற்படி நிகழ்வில் கலந்துகொள்ள இசைவு தெரிவிக்கப்படுகிறது. இறுதி முடிவு பின்னர் தெரிவிக்கப்படும்."

இதில் பொறுப்பு உங்கள் மேல் விழாது. நாளைக்கு யாரும் "வருகிறேன் என்று எழுதினீர்களே" என்று கேட்க முடியாது. உதவிபெறும் கல்லூரி ஊழியர், முன் அனுமதி இல்லாமல் இசைவு தந்தார் என்ற பேச்சும் வராது.

மணி_கரந்தை · பிப்ரவரி 4, மாலை

ஐயா, இதைப் படித்தால் ரேஷன் கார்டுக்குப் பதில் வந்த மாதிரி இருக்கிறது.

செம்பருத்தி · பிப்ரவரி 4, இரவு

மணி, ஐயா சொன்னதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. நிபந்தனையை முன்னால் வைத்து, இசைவைப் பின்னால் வைத்திருக்கிறார் பாருங்கள். அதனால் "இசைவு" என்பதை மட்டும் பிய்த்து எடுத்துப் படிக்க முடியாது. அனுமதி பற்றி அவர் சொன்னதும் சரி, முன் அனுமதி வாங்காமல் உறுதியாக எழுதிவிட்டுப் பிறகு முதல்வரிடம் போனால் அவருக்கு நிச்சயம் கோபம் வரும்.

ஆனால் ஐயா, உங்கள் வரைவில் யார் முடிவு சொல்வார், எந்த நாள் சொல்வார் என்பது இல்லை. "தெரிவிக்கப்படும்" என்றால் யாரால்? "பின்னர்" என்றால் எப்போது? எழுதியவருக்குப் பாதுகாப்பு, படித்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் அதைக் கோப்பில் வைத்துவிட்டு ஒவ்வொரு வாரமும் போன் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான். "நான் எழுதுவேன்" என்று முடிய வேண்டும், அந்த வினைக்கு முன்னால் தேதி இருக்க வேண்டும்.

தலைமைஎழுத்தர்_ஓய்வு · பிப்ரவரி 4, இரவு

சரி, ஒப்புக்கொள்கிறேன். தேதி போடுவது நல்லதுதான். ஆனால் தேதியைப் போட்டுவிட்டு அந்த நாளில் சொல்லாமல் விடுவதைவிடப் போடாமலே இருக்கலாம் என்பது என் கருத்து. தேர்வு அட்டவணை 16இல் வரும் என்பது யாரோ சொன்னதுதானே. 20 ஆனாலும் ஆகும்.

அல்லிக்குளம் · பிப்ரவரி 5, மாலை

எல்லோருக்கும் நன்றி. இன்று மதியம் ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். செம்பருத்தி மேடம் பயந்தபடியேதான் இருக்கிறது. அழைப்பிதழ் பிப்ரவரி 21 சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்கு 18 சரியாக இருக்கும். ஆனால் புரோஷர் 12ஆம் தேதியே வெளியாகிறதாம், அதில் மையவுரை என்று பெயரும் புகைப்படமும் போடுவார்களாம். 12இல் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

அவர் ரொம்ப நல்ல மாதிரி பேசினார். "போட்டுக்கறோம் மேடம், வரமுடியலைன்னா பார்த்துக்கலாம்" என்றார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. என் பெயரைப் பார்த்து யாராவது கட்டுரை அனுப்பி, பதிவுக் கட்டணமும் கட்டிவிட்டு வந்தால்?

தலைமை எழுத்தர் ஐயா கேட்டதும் நியாயம். 16 என்பது உறுதி இல்லை, தேர்வுப் பிரிவில் ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்னது.

செம்பருத்தி · பிப்ரவரி 5, இரவு

போன் செய்து கேட்டது நல்லதாகப் போயிற்று. இப்போது இரண்டு விஷயத்தையும் கடிதத்திலேயே தீர்த்துவிடலாம்.

முதலாவது, 16 தள்ளிப்போனால் என்ன செய்வது. உங்கள் வாக்கை அட்டவணையோடு கட்டாதீர்கள். "அட்டவணை வந்ததும் சொல்கிறேன்" என்று எழுதினால் அது தேதி ஆகாது, அட்டவணை வராதவரை அவர்களும் உங்களோடு சேர்ந்து காத்திருப்பார்கள். "18ஆம் தேதி எழுதுகிறேன், அட்டவணை வந்தாலும் வராவிட்டாலும்" என்று எழுதுங்கள். அன்று வரை வரவில்லை என்றால் பதில் "இல்லை" என்று ஆகிவிடும், அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி எழுதிய ஒருவரை நாங்கள் மறந்ததே இல்லை. வர முடியாது என்பதைத் தாம் குறித்த நாளிலேயே சரியாகச் சொல்லிவிட்டார், அடுத்த ஆண்டு முதல் அழைப்பு அவருக்குத்தான் போயிற்று.

கூடுதல் அவகாசம் வேண்டுமென்றால் 18க்கு முன்னால் கேளுங்கள். 17ஆம் தேதி "இன்னும் இரண்டு நாள் பொறுக்க முடியுமா, முடியாது என்றால் என்னை விட்டுவிடுங்கள்" என்று கேட்பதில் தவறில்லை, அதுவும் ஒரே ஒரு முறை. 19ஆம் தேதி கேட்டால் அதற்குள் அவர்கள் வேறு முடிவு எடுத்திருப்பார்கள், அல்லது எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் முழித்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது, புரோஷர். பெயர் போட வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். போனில் பேசியது போதாது. புரோஷரை வடிவமைக்கிற பையனுக்கு உங்கள் போன் பேச்சு தெரியாது, ஒருங்கிணைப்பாளர் அனுப்பிய மின்னஞ்சல்தான் தெரியும். மையவுரை என்று தலைப்பு மட்டும் போட்டு, பேச்சாளர் பெயர் அழைப்பிதழில் அறிவிக்கப்படும் என்று விடலாம், பல கல்லூரிகள் செய்வதுதான்.

மணி_கரந்தை · பிப்ரவரி 5, இரவு

பெயர் இல்லாத புரோஷருக்கு யார் கட்டுரை அனுப்புவார்கள்? ஒருங்கிணைப்பாளர் இடத்தில் நின்று பாருங்கள். அவருக்கு ஒரு பெயர் வேண்டும். மேடம் பெயர் போட வேண்டாம் என்றால் அவர் வேறு ஒருவர் பெயரைப் போட்டுவிட்டுப் போவார். நான் சொன்னது திரும்பவும் அங்கேதான் வந்து நிற்கிறது.

செம்பருத்தி · பிப்ரவரி 5, இரவு

அது அவருடைய உரிமை மணி. 12ஆம் தேதி பெயர் கட்டாயம் என்றால் அவர் வேறு ஒருவரைப் போடட்டும், மேடத்துக்கும் அது தெரிந்த முடிவாக இருக்கும். அவரிடமிருந்து அந்த உரிமையைப் பறிக்காமல் எழுதுவதுதான் இங்கே முக்கியம். வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. மையவுரைக்குப் பதிலாகப் பிற்பகல் அமர்வில் ஓர் உரை என்று மேடமே முன்வரலாம். அமர்வுப் பேச்சாளர் பெயர் பெரும்பாலும் புரோஷரில் வராது, கடைசி வாரத்தில் மாற்றினாலும் நிகழ்ச்சி ஆட்டம் காணாது.

அல்லிக்குளம் · பிப்ரவரி 6, இரவு

அமர்வு உரை யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. இப்போது எழுதியிருப்பதைப் பாருங்கள். நாளை காலை அனுப்ப உத்தேசம்.

"மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் 13, வெள்ளிக்கிழமை தங்கள் கல்லூரியில் நடைபெறவுள்ள கருத்தரங்கில் மையவுரை ஆற்ற அழைத்தமைக்கு நன்றி. எனக்கு வர விருப்பம். அந்த நாளில் வேறு எதையும் ஏற்காமல் வைத்திருக்கிறேன்.

அந்த வாரத்தில் எனக்குச் செய்முறைத் தேர்வுப் பணி வரக்கூடும் என்பதால் வருகையை இப்போது உறுதியாகச் சொல்ல இயலவில்லை. பிப்ரவரி 18, புதன்கிழமை மாலை 5 மணிக்குள், வருகிறேன் அல்லது வர இயலாது என்று தங்களுக்கு இதே முகவரியில் எழுதுவேன். தேர்வு அட்டவணை அதற்குள் வெளியாகாவிட்டாலும் அன்று எழுதுவேன். அந்த நிலையில் வர இயலாது என்றே கொள்ளவும்.

அதுவரை புரோஷரிலும் அழைப்பிதழிலும் என் பெயரைச் சேர்க்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். 12ஆம் தேதிப் புரோஷரில் பேச்சாளர் பெயர் அவசியம் எனில், தாங்கள் தயங்காமல் வேறொருவரை அழைக்கலாம்; எனக்கு வருத்தம் இல்லை. அப்படியானால் பிற்பகல் அமர்வு ஒன்றில் உரையாற்றுவது பற்றி அதே 18ஆம் தேதி உறுதி செய்கிறேன்."

கீழவீதி · பிப்ரவரி 6, இரவு

ரொம்ப நீளமாக இருக்கிறதோ? எங்கள் மச்சானுக்கு இப்படி எழுதினால் பாதியில் போனை வைத்துவிடுவார். (ரூம் கேள்வி வேலை செய்கிறது, செம்பருத்தி அக்காவுக்கு நன்றி.)

பனங்காய்ப்பணியாரம் · பிப்ரவரி 6, இரவு

நீளம் பரவாயில்லை, ஆனால் "வர இயலாது என்றே கொள்ளவும்" என்பது எனக்குக் கொஞ்சம் முகத்தில் அடித்த மாதிரி இருக்கிறது. அன்று அவ எழுதத்தானே போறா, பிறகு ஏன் அந்த வசனம்? எழுதாமல் விட்டால் இல்லை என்று எடுங்கோ என்று சொல்லுறது, எழுதாமல் விடுவதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்குற மாதிரி.

தலைமைஎழுத்தர்_ஓய்வு · பிப்ரவரி 7, காலை

எனக்கு அந்த வாக்கியம்தான் மிகவும் பிடித்திருக்கிறது. மின்னஞ்சல் போய்ச் சேரவில்லை, உடம்பு சரியில்லை, எது வேண்டுமானாலும் நடக்கலாம். 18 மாலை ஒருங்கிணைப்பாளர் கையில் ஒரு பதில் இருக்கும் அல்லவா. ஆனால் ஒரு திருத்தம். அதில் சொல்லியிருப்பது அட்டவணை வராத நிலை மட்டும். மடல் வராத நிலையும் சேர வேண்டும். "என் மடல் அன்று கிடைக்காவிடில் ஒரு முறை அழைக்கவும், அழைத்தும் கிடைக்காவிடில் வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம்" என்று போட்டால் பணியாரம் சொல்லும் கடுமையும் குறையும்.

இன்னொன்று. "மாலை 5 மணிக்குள்" என்று நேரம் போட்டது மிகச் சரி. வெறுமனே "18ஆம் தேதிக்குள்" என்று எழுதினால் 18 சேர்ந்ததா, 17இலேயே முடிந்ததா என்று இரண்டு பேர் இரண்டு விதமாக எடுத்துக்கொள்வார்கள். கிழமையும் போட்டிருக்கிறீர்கள், தேதி தட்டச்சில் தவறினாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

செம்பருத்தி · பிப்ரவரி 7, காலை

ஐயாவின் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பணியாரம் சொல்வதையும் என்னால் ஒதுக்க முடியவில்லை. நெருங்கிப் பழகியவருக்கு எழுதினால் அந்த வாக்கியத்தை நான் விட்டுவிடுவேன். முன்பின் தெரியாத கல்லூரி என்றால் போடுவேன்.

தேர்வுப் பணி என்று காரணம் சொன்னது போதும், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஓ.டி. விஷயத்தை எழுதாமல் விட்டதும் நல்லது, அது உங்கள் கல்லூரிக்குள் உள்ள சங்கதி. ஆனால் முதல்வரிடம் 16க்காகக் காத்திருக்காமல் இப்போதே வாய்வார்த்தையாகச் சொல்லி வையுங்கள். 18 காலையில் அட்டவணை வந்து, முதல்வர் சென்னைக்குப் போயிருந்தால் மாலை 5 மணிக்கு எதை எழுதுவீர்கள்?

பயணச் சீட்டு பற்றியும் ஒரு வார்த்தை. ரயிலில் 60 நாள் முன்பதிவு என்பதால் மார்ச் 13க்கு ஏற்கெனவே திறந்து இடம் குறைந்துகொண்டிருக்கும். ஒருங்கிணைப்பாளர் ஆர்வத்தில் உங்களுக்குச் சீட்டு எடுத்து அனுப்பிவிடுவார், அப்புறம் இல்லை என்று எழுதக் கை வராது. "பயண ஏற்பாடு எதுவும் 18 வரை வேண்டாம்" என்று ஒரு வரி சேருங்கள். இடம் போய்விடும் என்று கவலை என்றால் நீங்களே உங்கள் காசில் எடுத்து வையுங்கள், ரத்துக் கட்டணம் உங்களோடு போகட்டும்.

மணி_கரந்தை · பிப்ரவரி 7, மதியம்

நான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு நிபந்தனை படித்துவிட்டு ஒருங்கிணைப்பாளர் "சரி மேடம், அடுத்த முறை பார்ப்போம்" என்று விடத்தான் வாய்ப்பு அதிகம். பெரிய கல்லூரிக்கு இது சரி, சின்ன ஊர்க் கல்லூரியில் ஆள் கிடைப்பதே கஷ்டம், அங்கே மனசு வைத்து "வருகிறேன்" என்று சொன்னவர்தான் வேண்டும். ஆனால் ஒன்று, முதல் பத்தியிலேயே "எனக்கு வர விருப்பம்" என்று நேராகப் போட்டது நன்றாக இருக்கிறது. முதல் வரைவில் அது இல்லவே இல்லை.

அல்லிக்குளம் · பிப்ரவரி 8, மாலை

திருத்தங்களைச் சேர்த்து நேற்று மாலை அனுப்பினேன். இன்று காலை பதில் வந்தது. புரோஷரில் மையவுரைக்குப் பெயர் போடாமல் விடுகிறார்களாம். "18 வரை மையவுரை இடத்தைத் தங்களுக்காக வைத்திருக்கிறோம், அதற்குள் வேறு ஒருவரிடமும் பேசி வைக்கிறோம், தவறாக எண்ண வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்ததும் எனக்குத்தான் நிம்மதியாக இருந்தது. முதல்வரிடமும் வெள்ளிக்கிழமையே வாயால் சொல்லிவிட்டேன், துணை முதல்வர் கையெழுத்துப் போட்டாலும் செல்லும் என்றார்.

ஆனால் கூடவே இன்னொன்று கேட்டிருக்கிறார். உரையின் தலைப்பும் ஒரு பக்கச் சுருக்கமும் 11ஆம் தேதிக்குள் வேண்டுமாம், புரோஷரில் தலைப்பு மட்டுமாவது இருக்கட்டும் என்று. வருவதே உறுதியில்லாதபோது தலைப்பைக் கொடுத்தால், அது வருகிறேன் என்று சொன்னதாக ஆகிவிடாதா?

தலைமைஎழுத்தர்_ஓய்வு · பிப்ரவரி 8, இரவு

கொடுக்க வேண்டாம். தலைப்பைக் கொடுப்பதும் பெயரைக் கொடுப்பதும் ஒன்றுதான். குலைநோய் என்று பார்த்ததும் துறையில் உள்ளவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

செம்பருத்தி · பிப்ரவரி 8, இரவு

நான் கொடுப்பேன் ஐயா, ஆனால் வேறு ஒருவரும் பேசக்கூடிய பொதுத் தலைப்பாகக் கொடுப்பேன். "டெல்டா நெல்லில் பூஞ்சை நோய்கள்" என்கிற மாதிரி. நீங்கள் வராவிட்டாலும் அவர்கள் பேசி வைத்திருக்கும் மாற்றுப் பேச்சாளர் அதே தலைப்பில் நிற்க முடியும், புரோஷரும் பொய்யாகாது. ஒரு பக்கச் சுருக்கம் மட்டும் 18க்குப் பிறகு என்று கேட்டுப் பாருங்கள், அது கருத்தரங்குப் புத்தகத்துக்குத்தானே, புரோஷருக்குத் தேவையில்லை. அனுப்பும்போது மேலே ஒரு வரி: "வருகை பற்றிய முடிவு, முன்பு எழுதியபடி, 18 மாலைதான்."